அப்பாவின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதுவது?

கேள்வி: என் அப்பா எம்.பி.பி.எஸ். மருத்துவர். 1995 முதல் எங்கள் ஊரில் கிளினிக் வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் பற்றி ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் முடித்திருக்கிறார். கிளினிக்கின் இணையதளத்துக்காக, "சர்க்கரை நோய் சிறப்பு நிபுணர், ஒரு லட்சம் பேரைக் குணப்படுத்தியவர்" என்று எழுதியிருக்கிறேன். ஆறாத கால் புண்ணோடு வருபவர்களை அவர் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். அது பலவீனமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. விட்டுவிட்டேன் என்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவை நம்புகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அப்போது புண் வலிக்காது. வலிக்காததால் இன்னொரு வாரம் பார்க்கலாம் என்பார். அந்த ஒரு வாரத்தில் கிருமி எலும்புவரை போனால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். வருமானம் போனாலும் போகட்டும் என்று அன்றைக்கே அனுப்பி வைக்கிற மனிதரைப் பலவீனம் என்று மகளே மறைப்பதா?

நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை அதன் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. படித்த படிப்பை உள்ளபடி சொல்லுங்கள், அது போதும். ஒரு லட்சம் என்பது டோக்கன் கணக்காகத்தான் இருக்கும். சர்க்கரை நோயாளி மாதாமாதம் வருவார்; ஒரே ஆளை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை எண்ணியிருப்பீர்கள். "குணப்படுத்தியவர்" என்ற சொல் இன்னும் ஆபத்து. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், பதில் சொல்லப் போவது உங்கள் அப்பா.

இப்படி எழுதுங்கள்:

"எம்.பி.பி.எஸ்., தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ___. 1995 முதல் இதே ஊரில் பொது மருத்துவர். சர்க்கரை நோய் பராமரிப்பில் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு முடித்தவர். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை தருகிறார். ஆறாத கால் புண் இருந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். நெஞ்சுவலி என்றால் இங்கே வந்து காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்."

பதிவு எண்ணை விடாதீர்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்த வரி அது ஒன்றுதான். "முப்பது ஆண்டு அனுபவம்" என்று போட்டால் ஆண்டுதோறும் திருத்த வேண்டும். தொடங்கிய ஆண்டைப் போட்டால் என்றும் உண்மையாக இருக்கும்.

அப்பாவிடம் காட்டினீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நாற்பது வயதானாலும் பிள்ளை பிள்ளைதான். பெற்றவர் சம்பாதித்த பெயரில் அவர் அறியாமல் கை வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது. தாளில் எடுத்து, பேனாவோடு அவர் கையில் கொடுங்கள். அவர் எந்த வரியை அடித்தாலும் வாதாடாமல் நீக்கிவிடுங்கள்.