மூக்கடைப்பு ஸ்பிரே: அடித்தால் திறக்குது, விட்டால் அடைக்குது

கேள்வி: டாக்டர், சளி போய் மூணு மாசம் ஆச்சு. ஆனா ஆக்ஸிமெட்டாசோலின் ஸ்பிரே இல்லாம தூக்கம் வரல. முதல்ல ராத்திரி ஒரு தடவை போதும். இப்போ நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலைல தொண்டை வறண்டு எரியுது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் கேக்கல.

பதில்: உங்கள் தொண்டையில் கிருமி இருப்பதாகத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லாமல், எழுந்ததும் மோசமாக இருந்து, தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்தில் தணிகிற எரிச்சல் என்றால் அது பெரும்பாலும் இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டதன் விளைவு. காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. அந்த வழி மூடிவிட்டால் வறண்ட காற்று நேராகத் தொண்டையில் மோதும். ஏசி அறையில் இன்னும் மோசம்.

மூக்கின் பக்கச் சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த சதை மடிப்புகள் உண்டு. ஸ்பிரே அந்தக் குழாய்களைச் சுருக்கும், சதை வற்றும், வழி திறக்கும். திரும்பத் திரும்ப அடித்தால் குழாய்கள் மருந்துக்கு மசியாமல் போய், அதன் வேகம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாக வீங்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய மருந்து உங்களுக்கு நாலு மணி நேரம்தான் தாங்குகிறது. இப்போதைய அடைப்பு சளியால் அல்ல, ஸ்பிரேயால் என்பதற்கு அதுவே பெரிய அடையாளம்.

கேள்வி: ஒரேயடியா நிறுத்திப் பார்த்தேன். ரெண்டாம் ராத்திரி உட்கார்ந்தே கழிஞ்சது, மறுபடி அடிச்சுட்டேன். வேற வழி?

பதில்: ஒரு பக்கமாக விடுங்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே வாங்கி, அவர் சொன்ன அளவில் இரு பக்கமும் தொடங்குங்கள்; பெரியவர்களுக்கு வழக்கமாகப் பக்கத்துக்கு 2 ஸ்பிரே, நாளுக்கு ஒரு முறை. இது உடனே திறக்காது, பிடிக்கச் சில நாள் ஆகும்.

ஒரு வாரம் கழித்து வலது பக்கம் பழைய ஸ்பிரேயை அறவே நிறுத்துங்கள், இடது பக்கம் தொடரட்டும். வலது பக்கம் முதல் சில நாள் கல் மாதிரி அடைக்கும். இடது வழியாக மூச்சு ஓடுவதால் தூங்கிவிடலாம். வலது பக்கம் தானாகத் திறக்கப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன் பிறகே இடதையும் விடுங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே விட்டால் அந்த ரெண்டாம் ராத்திரி திரும்ப வரும்.

படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டும் ஒரு ஸ்பிரேதானே, அதுவும் அடிமையாக்கும். பாட்டில்ல உப்புத் தண்ணி கலந்து கலந்து நீர்த்துட்டே வந்தாலே போதும்.

பதில்: நீர்த்துக்கொண்டே வருவது சிலருக்கு உதவுகிறது. ஆனால் பாட்டிலைத் திறந்து வீட்டுத் தண்ணீரைக் கலந்தால் கிருமி சேரும். எவ்வளவு மருந்து போகிறது என்ற கணக்கும் தப்பும். ஸ்டீராய்டு பற்றிச் சொன்னது சரியல்ல: அது வீக்கத்தைக் குறைக்கிறது, குழாய்களை இறுக்குவதில்லை, விட்டதும் இப்படி எதிர்வீச்சு அடைப்பு வராது. அதனால் வரக்கூடியது மூக்கில் எரிச்சலும் இரத்தக் கசிவும். முனையை நடுச்சுவரை நோக்கிப் பிடிப்பதே பெரும்பாலும் காரணம். வலது கையால் இடது துவாரத்தில், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

கேள்வி: எனக்கும் இதேதான் சார். ஆனா நான் ஸ்பிரே அடிச்சதே இல்ல, எப்பவும் இடது பக்கம் மட்டும் அடைக்கும்.

பதில்: உங்களுடையது வேறு. பக்கம் மாறி மாறி அடைத்தால் அது இயல்பான சுழற்சியாகவும் இருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் என்றால் நடுச்சுவர் வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கக்கூடும். இரத்தமும் வந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எங்க மூணு வயசுப் பொண்ணுக்கும் எங்க ஆக்ஸிமெட்டாசோலின் பாட்டில்லயே ஒரு சொட்டு விடலாமா? எத்தனை நாள் வரைக்கும் பாதுகாப்பு?

பதில்: வேண்டாம் அம்மா. குழந்தைகளுக்கு உப்புநீர்ச் சொட்டே போதும். அதற்கு மேல் எது வேண்டுமானாலும் குழந்தை மருத்துவர் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். 1 முதல் 2 மில்லி விழுங்கினாலே சிறு குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம் என்று 2012ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான FDA எச்சரித்தது.

பெரியவர்களுக்கு நாள் கணக்கில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. எதிர்வீச்சு அடைப்பு மூன்றாம் நாளிலேயே தொடங்கும் என்பாரும் உண்டு, பத்து நாள் தாங்கும் என்பாரும் உண்டு. மூன்று நாளோடு நிறுத்தச் சொல்வதே என் வழக்கம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் அதற்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.