நியூ டெல்லி வேறு, டெல்லி வேறு

கேள்வி: மதுரையிலிருந்து ஹரித்வார் போகிறோம். நடுவில் டெல்லியில் வண்டி மாற வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஹஜ்ரத் நிஜாமுதீன் என்றும் இன்னொன்றில் வெறும் DELHI என்றும் போட்டிருக்கிறது. DELHI என்றால் நியூ டெல்லிதானே?

இல்லை. வெறும் DELHI என்று இருந்தால் அது பழைய டெல்லி ஸ்டேஷன். பெயருக்குப் பக்கத்தில் DLI என்ற குறியீடு இருக்கும், பாருங்கள். நியூ டெல்லியின் குறியீடு NDLS. நீங்கள் வந்து இறங்கப்போகும் நிஜாமுதீன் NZM. மூன்றும் வேறு வேறு இடங்கள், மூன்றுக்கும் நடுவில் ஊர் இருக்கிறது.

நீங்கள் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஹரித்வாருக்கு நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். நான் டெல்லியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து காசி, ஹரித்வார், பத்ரிநாத் என்று யார் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் சித்தப்பா, சித்தி, சித்தியின் அக்கா குடும்பம் என்று ஆறு பேர் உங்களைப் போலவே மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியில் நிஜாமுதீன் வந்து சேர்ந்தார்கள். பகலில் கரோல் பாக்கில் ஒரு லாட்ஜில் தங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முசூரி எக்ஸ்பிரஸில் ஹரித்வார் போவதாக ஏற்பாடு. டிக்கெட் எல்லாம் ஊரில் ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்தது. அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "டெல்லி ஸ்டேஷன்னு சொன்னா எந்த ஆட்டோக்காரனும் கொண்டுபோய் விட்டுடுவான்."

ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விட்டார். நியூ டெல்லியில், பஹாட்கஞ்ச் வாசலில். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கரோல் பாக்கில் பெட்டியோடு ஏறி "ஸ்டேஷன்" என்று சொன்னால் யாரும் அங்கேதான் விடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் DLI ஸ்டேஷனை டெல்லி என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு அது 'புரானி தில்லி'. டிக்கெட்டில் மட்டும்தான் அது வெறும் டெல்லி. நீங்களும் ஆட்டோவிலோ டாக்சியிலோ ஏறும்போது 'புரானி தில்லி ஸ்டேஷன்' என்றே சொல்லுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, போர்டுல எல்லா வண்டியும் வருது, நம்ம வண்டி நம்பர் மட்டும் வரவே இல்லை. ரத்து பண்ணிட்டானா?"

பெரிய ஸ்டேஷனில் கிளம்ப இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது உங்கள் வண்டி நம்பர் போர்டில் எங்கேயுமே இல்லை என்றால், வண்டி ரத்தாகிவிட்டதோ என்று பயப்படுவதற்கு முன்னால் ஸ்டேஷன் சரிதானா என்று பார்க்க வேண்டும். "சித்தப்பா, டிக்கெட்டை எடுத்து ஏறுற இடம்னு என்ன போட்டிருக்குன்னு எழுத்துக்கூட்டி வாசிங்க" என்றேன். டி, எல், ஐ என்று வாசித்தார். விஷயம் புரிந்துவிட்டது.

ரயில் பாதையில் பார்த்தால் நியூ டெல்லிக்கும் பழைய டெல்லிக்கும் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அஜ்மீரி கேட் தாண்டி நயா பஜார், காரி பாவ்லி என்று மொத்த வியாபாரத் தெருக்கள் வழியாகப் போகிற மூன்று கிலோமீட்டர் அது. மூட்டை ஏற்றின கைவண்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் லாரியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நிற்கும். சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ வேண்டும், இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். நியூ டெல்லி, அடுத்தது சாவ்ரி பஜார், அதற்கடுத்தது சாந்தினி சௌக். பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கான மெட்ரோ அதுதான். மெட்ரோ வரைபடத்தில் 'ஓல்டு டெல்லி' என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். 'டெல்லி கேட்' என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம், அதாவது பதினாறாம் பிளாட்பாரப் பக்கம். அவர்கள் நின்றதோ ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம். எல்லா பிளாட்பாரத்துக்கும் மேலே போகிற நடைமேம்பாலத்தில் ஏறி முழுக்கக் குறுக்கே நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். சித்திக்கு முழங்கால் வலி. "மெதுவாப் போங்க சித்தி, நேரம் இருக்கு, போனை மட்டும் வெச்சிடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி நடத்தினேன். மஞ்சள் வழித்தடம், 'சமய்பூர் பாட்லி' என்று போட்டிருக்கும் பக்கம் ஏற வேண்டும் என்று சித்தப்பாவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வண்டியில் போன் விட்டுவிட்டால் அந்தச் சீட்டு போதும். சாந்தினி சௌக்கில் இறங்கியதும் ரயில்வே ஸ்டேஷன் என்று அம்புக்குறி போட்ட வாசல் வழியாக மேலே வந்தால் நடை தூரம்தான். பத்து மணிக்கெல்லாம் பழைய டெல்லியின் சிவப்புக் கட்டடத்து வாசலில் நின்று மறுபடி போன் பண்ணினார்கள். போர்டில் அவர்கள் வண்டி இருந்தது.

மெட்ரோவில் பெட்டியை எக்ஸ்ரேயில் போட்டு எடுக்க வேண்டும், கூட்டம் இருக்கும், வயதானவர்களை அதில் இழுத்தடிப்பதா என்று சிலர் இங்கே வந்து எழுதுவார்கள். டாக்சிக்குக் கொடுக்க என்னிடம் காசில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. மெட்ரோவுக்கு டிராஃபிக் கிடையாது, அதனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் அதுதான் வேண்டும். நேரம் தாராளமாக இருந்தால் டாக்சியிலேயே போங்கள்.

அப்புறம், இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐஆர்சிடிசி தளத்தில் NDLS என்று அடித்து ஹரித்வாருக்கு, அதாவது HW-க்கு, வண்டி தேடினால் நியூ டெல்லியிலிருந்து கிளம்புகிற வண்டிகள் மட்டும் வராது. டெல்லியின் மற்ற ஸ்டேஷன்களிலிருந்து கிளம்புவதும் அதே பட்டியலில் வரும். டேராடூன் சதாப்தி நியூ டெல்லியிலிருந்து, முசூரி எக்ஸ்பிரஸ் பழைய டெல்லியிலிருந்து, 2023 மே மாதம் விட்ட டேராடூன் வந்தே பாரத் ஆனந்த் விஹாரிலிருந்து. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் பெயர் போட்டிருக்கும், ஆனால் நம் கண் நேரத்தையும் சீட் இருக்கிறதா என்பதையும்தான் பார்க்கும். நீங்கள் தேடின ஸ்டேஷன் வேறு, இந்த வண்டி கிளம்புகிற ஸ்டேஷன் வேறு, தொடரலாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அவசரத்தில் அதற்கு 'யெஸ்' கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏஜென்ட் போட்டால் அந்தப் பெட்டியை நீங்கள் பார்க்கக்கூட மாட்டீர்கள். அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பாருங்கள். டெல்லி கண்டோன்மென்ட் DEC, டெல்லி ஷாதரா DSA, டெல்லி சராய் ரோஹில்லா DEE என்று டெல்லி பெயரை முன்னால் வைத்துக்கொண்டு இன்னும் பல ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பெயர் ஏமாற்றும், குறியீடு ஏமாற்றாது.

பழைய டெல்லிக்கு ஏன் வெறும் டெல்லி என்று பெயர் என்றால், முதலில் இருந்தது அது ஒன்றுதான். 1860களிலேயே அங்கே ரயில் வந்துவிட்டது, இப்போது நிற்கிற கட்டடம் 1903-இல் திறந்தது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறுவதாக 1911-இல் அறிவித்து, புது நகரம் கட்டி, அதற்குப் பிறகுதான் நியூ டெல்லி ஸ்டேஷன் பெரிதானது. பழையதன் பெயரை யாரும் மாற்றவில்லை.

ஏஜென்ட் பேச்சை எடுத்ததால் இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தப்பாவும் சித்தியும் அந்தப் பயணம் போனபோது மூத்த குடிமக்கள் சலுகை இருந்தது. ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. ஆயுளில் ஒருமுறை கங்கையில் குளிக்க வேண்டும் என்று பென்ஷன் காசைச் சேர்த்து வைத்துக் கிளம்புகிறவர்களிடம் முழுக் கட்டணம் வாங்குகிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் சித்தி இரண்டாவது தடவை போக ஆசைப்பட்டு, கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டதை நான் பார்த்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிஜாமுதீனில் இறங்கி நேரே பழைய டெல்லிக்குப் போகிறீர்கள். சராய் காலே கான் பக்க வாசலில் வெளியே வந்தால் பிங்க் வழித்தட மெட்ரோ இருக்கிறது. லாஜ்பத் நகரில் வயலட் தடத்துக்கு மாறி, காஷ்மீரி கேட்டில் மஞ்சள் தடத்துக்கு மாறி, ஒரு நிறுத்தம் போனால் சாந்தினி சௌக். இரண்டு முறை மாற வேண்டும், மாறுகிற இடங்களில் நிறைய நடை. இளவட்டங்கள் முதுகுப் பையோடு போகிறீர்கள் என்றால் இது சரி. பெரியவர்களும் பெட்டிகளும் இருந்தால் நிஜாமுதீனிலிருந்தே டாக்சி எடுத்துவிடுங்கள், சாயங்கால நெரிசல் ஆறு மணிக்குப் பிடிக்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். முதல் வண்டி வந்து சேரும் நேரத்துக்கும் இரண்டாவது கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், இப்போதே இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அதற்குப் பிந்தின வண்டி பாருங்கள். இரண்டு ராத்திரி ஓடிவருகிற வண்டி ஒரு மணி நேரம் தாமதமாவது சாதாரணம்.

உங்கள் ஹரித்வார் வண்டியின் நம்பரைப் போட்டு அது நிற்கிற ஸ்டேஷன்களையும் பார்த்துவிடுங்கள். சில வண்டிகள் டெல்லிக்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் நிற்கும். உங்களுக்கு வசதியான இடத்தில் நின்றால் ஏறும் இடத்தை ஐஆர்சிடிசியிலேயே மாற்றலாம். வண்டி கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும், அதனால் கூட வருகிற எல்லோருக்கும் புது ஸ்டேஷன் பெயரைச் சொல்லி வையுங்கள்.