"கடுக்குது" என்றால் டாக்டரிடம் என்ன சொல்வது?

சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் 26 வருஷம் தாதியாக இருந்தேன். தமிழ் மட்டுமே பேசும் நோயாளி வந்தால் மற்ற வார்டுகளிலிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள். வலியைச் சொல்வது பற்றி வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அம்மா எப்போதும் "கடுக்குது" என்றுதான் சொல்கிறார். பாலிகிளினிக்கில் நான் "பெயின்" என்று சொல்லிவிட்டேன். அது போதுமா? (செங்காங்கிலிருந்து ஒரு மகள்)

போதாது. கடுப்பு இருக்கும் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். நாள் முழுக்க அடுப்படியில் நின்றால் கால் கடுக்கும். அது அசதியோடு வருகிற மந்தமான வலி. வயிற்றுக்கடுப்பு வேறு: முறுக்கிப் பிடித்து, போய்விட்டு வந்த பிறகும் திரும்பப் போகச் சொல்லும், சளியோ ரத்தமோ கூட வரலாம். நீர்க்கடுப்பில் சிறுநீர் போகும்போது எரியும். தேள் கொட்டினாலும் கடுக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

ஒருமுறை காய்ச்சலோடு ஒரு தாத்தா வந்தார். அடிவயிற்றில் கைவைத்து "கடுக்குதுய்யா" என்றார். கூட வந்த பேரன் "ஸ்டொமக் பெயின்" என்றான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன சாப்பிட்டார், வாந்தி உண்டா என்று கேட்டார். எல்லாக் கேள்வியும் குடலைச் சுற்றியே போயின. நான் போய், "தாத்தா, எப்ப கடுக்குது?" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணுக்குப் போறப்பதாம்மா. சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்றார். சிறுநீரைச் சோதித்தார்கள், கிருமித்தொற்று தெரிந்தது. பேரன் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மாற்றினான், அவ்வளவுதான்.

அதனால் அம்மா கடுக்குது என்றால், எங்கே, எதைச் செய்யும்போது என்று கேளுங்கள். அவர் சொல்கிற முழு வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். சரியான ஒற்றைச் சொல்லைத் தேட வேண்டாம்.

அக்கா, எனக்கு இடுப்புல இருந்து கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. டாக்டர் "கிராம்ப்பா"ன்னு கேட்டார், ஆமான்னுட்டேன். மாத்திரை கேக்கல. (துவாஸ், கட்டுமான வேலை)

தம்பி, "இழுக்குது" என்பதை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகிப் பிடித்து, காலை நீட்டி விரலை மேல்நோக்கி மடக்கினால் கொஞ்ச நேரத்தில் விட்டுப்போவது கிராம்ப். நீங்கள் சொல்வது ஒரு கோடு போல ஓடுகிற மாதிரி இருக்கிறது. அதை நரம்பு வலியா என்று டாக்டர் பார்க்க வேண்டும். மறுபடி போகும்போது வாயால் சொல்வதை விட, ஒரு விரலை இடுப்பில் வைத்து அது எந்த வழியாக எதுவரை போகிறதோ அந்த வழியே இழுத்துக் காட்டுங்கள். குனியும்போதா, இருமினாலா, தும்மினாலா கூடுகிறது என்றும் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் "நம்ப்" என்று சொன்னால் போதும், இங்கே எந்த டாக்டருக்கும் புரியும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, கால் வலுவிழந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஏ அண்ட் இ போய்விடுங்கள்.

நெஞ்சு எரிச்சல்னா காஸ்ட்ரிக். நெஞ்சு வலின்னாதான் ஹார்ட். இதைத் தெரிஞ்சு வச்சிருந்தா பயப்பட வேண்டியதில்லை, சரிதானே? (உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்)

அண்ணே, பாதி சரி. சாப்பிட்ட பிறகு, படுத்தால் கூடி, புளிப்பாக மேலே ஏறி நெஞ்சு கரித்தால் பெரும்பாலும் அமிலம்தான். ஆனால் இதயக் கோளாறு வந்தவர்கள் பலர் "வலி" என்ற சொல்லையே எடுப்பதில்லை. "அடைக்குது", "அமுக்குது", "பாறாங்கல்லை வச்ச மாதிரி பாரமா இருக்கு" என்பார்கள். சிலருக்கு எரிச்சலாகவே தெரியும். என் வார்டில் ஒரு அம்மாவிடம் டாக்டர் ஆங்கிலத்தில் வலி இருக்கிறதா என்று கேட்க, அவர் தலையாட்டி இல்லை என்றார். சேலை முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தமிழில் கேட்டபோது, "வலியெல்லாம் இல்லம்மா, நெஞ்சுல ஒரு பாரம், தாடை வரைக்கும் வருது" என்றார். உடனே இசிஜி எடுத்தார்கள், இதயம்தான். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பாரம்கூட இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

புதிதாக வந்த பாரம், அடைப்பு, கூடவே வேர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் எது என்று வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம், 995-ஐக் கூப்பிடுங்கள்.

தலை விண் விண்ணுன்னு தெறிக்குது. எந்த மாத்திரை நல்லது?

மாத்திரை சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன "விண் விண்" நல்ல சொல். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். நாடி அடிக்கிற தாளத்திலேயே வலியும் அடித்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டுமா, வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று, இதுவரை வராத கடுமையில், இடி விழுந்த மாதிரி வந்தால் அது வேறு கதை, உடனே 995.

எங்க மதுரைப் பக்கம் குடைச்சல்னா காதுக்குத்தான் சொல்வோம். தஞ்சாவூர் மாமியார் கை கால் குடைச்சல் என்கிறார். எது சரி?

இரண்டுமே கேட்டிருக்கிறேன். காதில் என்றால் ஏதோ உள்ளே புகுந்து துளைப்பது போல. கைகாலில் என்றால் எலும்புக்குள்ளிருந்து வருவது போல, தேய்த்துவிட்டாலும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. "டீப் ஏக்" என்று சொல்லிவந்தேன். கூட வேலை பார்த்த மலையாளத் தாதி, எலி கறும்புவது மாதிரி என்று சொல்ல "நாயிங்" என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை, கறும்புவது வயிற்றுப்புண்ணுக்குத்தான் பொருந்தும். உங்கள் மாமியாரிடம் ராத்திரியில் கூடுகிறதா, கூடவே ஊசி குத்துவது போலவோ எரிச்சலோ உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அதுவும் சர்க்கரை இருந்தால், டாக்டருக்கு "குடைச்சல்" என்ற சொல்லை விட அந்த விவரம்தான் தேவை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால் அப்பா எப்போதும் "ரெண்டு" என்கிறார். முகத்தைப் பார்த்தால் ரெண்டு மாதிரி இல்லை.

அந்தத் தலைமுறையில் எண் என்பது மரியாதை சம்பந்தப்பட்டது; டாக்டருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று குறைத்துச் சொல்வார்கள். எண்ணை அவரிடமே விட்டுவிட்டு, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "ரெண்டு என்கிறார், ஆனால் மூணு நாளாகக் காலையில் தேக்காவுக்கு நடக்கப் போகவில்லை. நேற்று ராத்திரி நாலு தடவை எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டார்." அப்பா முன்னாலேயே, அவர் காது கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் "சரி, ஆறுன்னு போட்டுக்குங்க" என்பார்.