லாரி வாடகைக்கு ஜிஎஸ்டி கட்டுவது யார்?

கேள்வி: லாரி ஆபீஸ் பில்லில் ஜிஎஸ்டி போடாமல் "அதை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வண்டி ஓட்டிச் சம்பாதிப்பவர் அவர், வரி மட்டும் ஏன் என் தலையில்?

அவர் உங்களை ஏமாற்றவில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையோ கம்பெனியோ நடத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், வாடகையை யார் கொடுக்கிறாரோ அவரே அதற்கான 5 சதவீதத்தை அரசுக்குக் கட்ட வேண்டும். இதைத்தான் ஆர்.சி.எம். என்கிறோம். லாரி கம்பெனியே விருப்பம் தெரிவித்து வரி போடலாமே என்று ஆடிட்டர்கள் யாராவது கீழே எழுதுவார்கள். போடலாம்தான், போட்டிருந்தால் உங்கள் பில்லிலேயே வரி தெரிந்திருக்கும், எனவே அதை இங்கே விடுகிறேன்.

காரணம் எளிது. நம் ஊர் லாரி ஆபீஸ்களில் பாதி, ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களைப் பிடித்து லோடு ஏற்றிவிடுபவை. அவர்கள் ஒவ்வொருவரையும் மாதாமாதம் ரிட்டர்ன் போட வைப்பது நடக்கிற காரியமில்லை. வாடகை கொடுக்கும் ஃபேக்டரியோ ஏற்கெனவே பதிவு வாங்கி, கணக்கு எழுதி, அந்த வாடகையைச் செலவாகவும் காட்டுகிறது. அதனால் அதிகாரி பார்க்க ஒரே இடம் போதும். இது ஜிஎஸ்டியில் புதிதாக வந்ததும் இல்லை. 1997-இல் சேவை வரியிலேயே இப்படிச் செய்தார்கள். சட்டம் சேவை தருபவரைச் சொல்லும்போது விதி மட்டும் வாங்குபவரைப் பிடிக்க முடியாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது ஜிஎஸ்டி சட்டத்தின் 9(3) பிரிவே வாங்குபவரைக் கட்டச் சொல்கிறது, அதனால் அந்த வாதம் இனி நிற்காது.

நான் கணக்கு பார்ப்பது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில். நான் சேர்ந்த கொஞ்ச நாளில், பழைய வருடத்துக்கு ASMT-10 நோட்டீஸ் வந்தது. லாபநட்டக் கணக்கில் வண்டி வாடகை 18 லட்சம், மாத ரிட்டர்னான GSTR-3B-யில், ஆர்.சி.எம். காட்டும் 3.1(d) கட்டத்தில் காட்டியது 6 லட்சம், மீதி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி ஏன் கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். முதலாளி கட்டிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்று, லோடு ஏற்றும்போது லாரி ஆபீஸ் போட்டுத் தரும் ரசீதான எல்.ஆர். கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தேன்.

தோட்டத்திலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்த வாடகை மட்டும் 7 லட்சம். விளைபொருளாக அப்படியே வரும் மாங்காய்க்கு வாடகையில் வரி விலக்கு உண்டு, கூழாக மாறி டிரம்மில் போகும்போதுதான் கிடையாது. உள்ளூர் டெம்போக்காரர்களுக்குக் கொடுத்தது இரண்டரை லட்சம். எல்.ஆர். போடாதவர் சட்டப்படி டிரான்ஸ்போர்ட் ஏஜென்சியே அல்ல, அவரிடம் ரோட்டில் ஏற்றிய லோடுக்கு வரி இல்லை. டின் சப்ளையர் தன் பில்லிலேயே வாடகையைச் சேர்த்து ஜிஎஸ்டியும் போட்டிருந்தது 1,70,000. ஆக, உண்மையில் விட்டுப்போனது 80,000 ரூபாய் வாடகை, அதற்கு வரி 4,000. எல்.ஆர். நகல்களோடு ASMT-11-இல் பதில் போட்டு, அந்த நாலாயிரத்தையும் 18 சதவீத வட்டியையும் கட்டினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நாலாயிரம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நேரத்தில் கட்டியிருந்தால் அது செலவே இல்லை. 24,000 வாடகைக்குச் சென்னை துறைமுகத்துக்கு லோடு அனுப்பினால், 600 மத்திய வரி, 600 மாநில வரி, மொத்தம் 1,200 ரூபாயை 3.1(d)-யில் காட்டிக் கட்டுகிறோம், அதே மாதம் 4(A)(3)-இல் கிரெடிட் எடுத்துக் கூழ் விற்ற வரியில் கழித்துக்கொள்கிறோம். அந்த வருடம் முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டிவிட்டதால் பழைய பில்லுக்குக் கிரெடிட் போச்சு, வரி முழுக்கச் செலவானது. நீங்கள் விற்கும் சரக்குக்கே வரி இல்லையென்றாலும் கிரெடிட் வராது.

இங்கே பல முதலாளிகள் ரிட்டர்ன் போடுவதை டைப் அடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் வந்தால் அவனையே திட்டுகிறார்கள். எல்.ஆரை அவன் கண்ணிலேயே காட்டாமல் வாடகைத் தொகையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவன் எதை வைத்துப் பிரிப்பான்? உங்கள் கணக்கரிடம் எல்.ஆர். நகல் போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கிரெடிட் லெட்ஜரில் எவ்வளவு இருந்தாலும் ஆர்.சி.எம். வரியை அதிலிருந்து கட்ட முடியாது. 20-ஆம் தேதிக்கு முன் கேஷ் லெட்ஜரில் பணம் போட்டு வையுங்கள்.