ப்ராக்டர்டு எக்ஸாம் ஸ்லாட் மெசேஜில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஆன்லைன் ப்ராக்டர்டு எக்ஸாமுக்கு ஸ்லாட் மெசேஜ் வந்திருக்கு. சிஸ்டம் செக், செக்-இன், எக்ஸாம்னு தனித்தனியா போட்டிருக்காங்க. ஐடி வெரிஃபிகேஷனும் இருக்கு. காவேரிப்பட்டணத்துல வீட்ல இருந்தே எழுதப் போறேன். எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

பதில்:

நானும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான், பர்கூர் பக்கம். போன வருடம் இதே மாதிரி ஒரு சான்றிதழ் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்தேன். முதல் தடவை கேள்வித்தாளையே பார்க்க முடியாமல் போனது. அதனால் நான் தடுக்கி விழுந்த இடத்தில் இருந்தே சொல்கிறேன்.

என் ஸ்லாட் மதியம் 3 மணி. செக்-இன் 2:30க்குத் திறக்கும் என்று மெசேஜில் இருந்தது. சிஸ்டம் செக்கை முந்தின நாள் இரவு 10 மணிக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். கேமரா, மைக், நெட் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் அறையை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பும் கட்டம் வந்தபோது, இரண்டாவது படத்திலேயே வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. மூன்றேகால் தாண்டியதும் தேர்வுக்கு வரவில்லை என்று பதிவாகிவிட்டது. கட்டிய பணமும் போனது.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. நாம் வீடியோ பார்க்கும்போது டவுன்லோடு வேகம் போதும். ஆனால் இந்தத் தேர்வில் நம் கேமரா காட்சி விடாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தேவை அப்லோடு வேகம். இரவில் டவரில் கூட்டம் குறைவு, மதியம் அப்படி இல்லை. மறுநாள் மதியம் அதே இடத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு நன்றாகவே இருந்தது, அப்லோடு ஒரு எம்பிபிஎஸ்கூட வரவில்லை. எனவே சிஸ்டம் செக்கை எந்த அறையில், எந்த லேப்டாப்பில், எந்த நெட்டில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே, ஸ்லாட் நேரத்திலேயே, இரண்டு மூன்று நாள் முன்னதாகச் செய்யுங்கள். அலுவலக லேப்டாப்பை மட்டும் எடுக்காதீர்கள். அதில் உள்ள விபிஎன், ஃபயர்வால் தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடலாம். அதை மாற்ற நமக்கு அனுமதியும் இருக்காது.

இரண்டாம் தடவை டவுனில் மாமா வீட்டு ஃபைபர் இணைப்பில், லேன் கேபிள் போட்டு எழுதினேன். நம் ஊர் பகல் ஸ்லாட்டுக்கு இன்னொன்று உண்டு: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. உங்கள் துணைமின் நிலையத்துக்கு அன்று அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில்தான் இருக்கிறதா என்று மெயினை ஒரு தடவை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடையாளச் சரிபார்ப்பில் நம்மவர்களைச் சிக்கவைப்பது இனிஷியல். பதிவுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் இருக்கும். என் சித்தி மகள் `M` என்பதை முதல் கட்டத்திலும் `Kavitha` என்பதை அடுத்ததிலும் போட்டிருந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டில் `Kavitha`, `Murugan` என்று இருந்தது. மெசேஜ் வந்த அன்றே இதைக் கவனித்ததால், உதவி மையத்துக்கு எழுதித் திருத்த முடிந்தது. தேர்வு நாளில் கேமரா வழியே நம்மைக் கண்காணிக்கும் ப்ராக்டரால் பெயரை மாற்ற முடியாது. எந்த அட்டை செல்லும் என்ற பட்டியலும் அதே மெசேஜில் இருக்கும். அதில் உள்ள ஒரு அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கும் பிடிஎஃப்பையோ ஜெராக்ஸையோ நம்ப வேண்டாம். அட்டையைப் படம் எடுக்கும்போது டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பான அட்டையில் பட்டு முகத்தின் மேலேயே வெள்ளைக் கோடாக விழும். நான் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, அட்டையைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தேன். எழுத்தெல்லாம் தெளிவாக வந்தது.

நடத்தை விதிகளில் பெரும்பாலானவை தெரிந்தவைதான்: மேஜை காலியாக இருக்க வேண்டும், போன் கைக்கு எட்டக் கூடாது, வேறு யாரும் அறைக்குள் வரக் கூடாது. பழக்கதோஷத்தில் மீறுவது இரண்டு. ஒன்று, கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பது. இன்னொன்று, யோசிக்கும்போது கன்னத்தில் கை வைத்து வாயை மூடுவது. எனக்கு இரண்டாவதுக்கு சாட்டில் எச்சரிக்கை வந்தது. கையை இறக்கியதும் விட்டுவிட்டார்கள், மறுபடி செய்திருந்தால் தேர்வையே நிறுத்தலாம். வீட்டில் அம்மாவிடம் சொல்லி, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தாலும் அது விதிமீறல்தான்.

நடுவில் நெட் அறுந்தால் பதறாமல் அதே லிங்க்கில் மறுபடி நுழையுங்கள். முடியாமல் போனால் அன்றே உதவி மையத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை இரண்டு நாள் கழித்துத்தான் புகார் எழுதினேன், காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.