பெட்டியில் 9600, படத்தில் மங்கல்

கேள்வி: தாத்தாவின் பழைய படத்தை ஸ்கேன் செய்து, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் எண்ணெய் ஓவியமாக மாற்றினேன். கன்னத்தில் மூன்று மச்சங்கள் முளைத்துவிட்டன. அவருக்கு மச்சமே கிடையாது. மென்பொருளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அதன் மேல் குற்றமில்லை. ஓவிய ஃபில்டர் சமமான பரப்பை மெழுகிவிட்டு, அழுத்தமான விளிம்புகளை மட்டும் காப்பாற்றும். கன்னம் சமமான பரப்பு. அதில் விழுந்த தூசிக்கு அழுத்தமான விளிம்பு இருக்கிறது. ஃபில்டருக்குத் தூசியும் தெரியாது, தாத்தாவையும் தெரியாது. ஸ்கேனில் கவனிக்காமல் விட்ட புள்ளி ஓவியத்தில் ஒரு தீற்றலாகிவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

தூசி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். படத்தோடு சேர்ந்து திரும்பிய புள்ளி படத்தில் இருக்கிறது. திரும்பாமல் பழைய இடத்திலேயே நிற்கும் புள்ளி கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஈரம் வேண்டுமென்றால் துணியில் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிக் கறையாகும். படத்தின் மேலுள்ள தூசியை ரப்பர் ஊதுகுமிழால் ஊதி, பிறகு மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

அப்படியும் போகாத வெள்ளைப் புள்ளிகள் மேலே படிந்த தூசியல்ல, படப்பூச்சு பெயர்ந்த இடங்களாக இருக்கலாம். அவற்றைக் கணினியில்தான் திருத்த வேண்டும். ஸ்கேன் முழு அளவில் இருக்கும்போதே, ஃபில்டரைத் தொடுவதற்கு முன்பே திருத்துங்கள்.

‘தூசி நீக்கம்’ என்ற பொத்தானை நம்பாதீர்கள். பெரும்பாலான வண்ண ஃபிலிமில் அகச்சிவப்பு ஒளி சாயங்களைத் தாண்டிப் போகும், தூசியில் மட்டும் தடைபடும். அதனால் அங்கே தூசியைப் பிரித்தறிய முடிகிறது. காகிதப் படத்துக்கு அந்த வழி இல்லை. புள்ளி போலத் தெரிவதையெல்லாம் மென்பொருள் ஊகித்து மழுப்பும். தூசியோடு கண்ணிமை முடியும் போய்விடும்.

கேள்வி: சட்டத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் கண்ணாடியோடு, ஃபிளாஷ் போட்டு, கைபேசியில் எடுத்தால் போதுமா?

பதில்: ஃபிளாஷ் வெளிச்சத்தை ஓவியமாக்க விரும்பினால் போதும்.

கேள்வி: புது ஸ்கேனர் வாங்கப் போகிறேன். ஒன்றில் 2400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளி, இன்னொன்றில் 9600. விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெரிய எண்ணையே எடுத்துவிடலாம்தானே?

பதில்: நானும் இப்படித்தான் நினைத்தேன். என் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் மெல்லிய ஸ்கேனரின் பெட்டியில் 9600 என்று கட்டைவிரல் பருமனில் அச்சிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து கையேட்டைப் பிரித்தால், பொடி எழுத்தில் ‘ஒளியியல் தெளிவு 1200’. மீதியெல்லாம் மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஊகித்துச் செருகும் புள்ளிகள். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு இரண்டு படி பால் என்று விற்பதைப் போன்றது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் உணரி உண்மையில் எத்தனை புள்ளி பார்க்கிறது என்பதே ஒளியியல் தெளிவு. அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். அது பெட்டியின் முகப்பில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

காகிதப் படத்துக்கு 1200-க்கு மேல் தேவையும் இல்லை. சாதாரணமாக அச்சிட்ட படத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் விவரம் இருப்பது அரிது. நான் 600-இல் எடுப்பது, திருத்த இடம் வேண்டும் என்பதற்காக. அடையாள அட்டை அளவுப் படம் என்றால் 1200.

600 எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குழுப் படத்தில் ஒருவரின் முகம் 12 மில்லிமீட்டர் உயரம் என்று வையுங்கள். கண் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 300-இல் ஸ்கேன் செய்தால் அந்தக் கண்ணுக்குக் கிடைப்பது 24 புள்ளிகள். ஃபில்டரின் தூரிகை 16 புள்ளி அகலம் என்றால், ஒன்றரைத் தீற்றலில் கண் முடிந்துபோகும். ஆள் யாரென்று தெரியாது. 600-இல் அதே கண்ணுக்கு 47 புள்ளிகள், மூன்று தீற்றல். இமையும் கருவிழியும் பிழைத்துக்கொள்ளும். 1200-க்குப் போனால் கோப்பு நான்கு மடங்கு வீங்கும். அதே தூரிகை மிகச் சிறியதாகி, ஓவியம் என்ற தோற்றமே போய்விடும். தூசியைத் திருத்திய பிறகு, அச்சிடப்போகும் அளவைவிடப் படம் பெரிதாக இருந்தால் மட்டும் அந்த அளவுக்குச் சுருக்கி, அதன் பின் ஃபில்டர் போடுங்கள்.

கேள்வி: நாற்பது படங்களை ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். 1200 டிபிஐ என்று சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். கோப்பின் விவரத்திலும் 1200 என்றுதான் இருக்கிறது. ஆனால் பெரிதாக்கினால் முகங்கள் பஞ்சு பஞ்சாக இருக்கின்றன. என் கண்ணில்தான் கோளாறா?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கோப்பில் எழுதியிருக்கும் டிபிஐ ஒரு சீட்டுதான். யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் அதில் எழுதலாம். நீங்கள் பார்க்க வேண்டியது நீள அகலப் புள்ளிக் கணக்கை. உங்கள் படங்கள் 4×6 அங்குலம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1200-இல் எடுத்திருந்தால் 4800×7200 இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கோப்பில் 1200×1800 இருக்கிறது. அது 300. கையில் அளவுகோலும் இந்தப் பெருக்கலும் போதும், கடைக்காரர் வாயடைத்துப் போவார்.

சில கடைகள் இன்னும் சாமர்த்தியசாலிகள், 300-இல் எடுத்து மென்பொருளில் 4800×7200 ஆக ஊதிவிடுவார்கள். அதற்கும் வழி உண்டு. கோப்பை 100 சதவீத அளவில் திறந்து, ஒரு தூசி மயிரையோ கீறலையோ பாருங்கள். நிஜமான 1200-இல் அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். ஊதிய படத்தில் கீறல்கூட முகத்தைப் போலவே பஞ்சாகத் தெரியும். மூலப் படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ரசீதில் 1200 என்று இருந்தால் விடாதீர்கள்.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படம் சுருட்டிய பாய் போல வளைந்திருந்தது. இஸ்திரி போட்டேன். இப்போது பளபளப்புப் போய்விட்டது. ஓரம் இன்னும் மங்கலாகத்தான் ஸ்கேன் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இஸ்திரிப் பெட்டியை முதலில் எடுத்து வையுங்கள். ஒரு சட்டைக்குக்கூட முதலில் சூட்டைச் சரிபார்ப்பீர்கள். ஒரே பிரதியான படத்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா? போன பளபளப்பு வராது.

படம் வளைந்ததற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் ஜெலட்டின். வறண்ட காற்றில் அது காகிதத்தைவிட அதிகமாகச் சுருங்கித் தன் பக்கம் இழுக்கிறது. கையால் அமுக்கினால் பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்பு ஃபில்டரில் வாள்வெட்டுத் தழும்பாக வரும். மூடி உள்ள ஒரு பெட்டியின் அடியில் ஈரத் துணி விரித்து, அதற்கு மேலே நீர் தொடாத உயரத்தில் ஒரு வலைத்தட்டு வைத்து, படத்தை முகம் மேலாகக் கிடத்தி மூடுங்கள். மணிக்கொரு முறை பாருங்கள். தானாக நெகிழ்ந்ததும் எடுத்து, முகப்பக்கம் ஒட்டாத தாளும் இருபுறமும் உறிஞ்சு தாளும் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் விடுங்கள். பூஞ்சை பிடித்த படத்துக்கும் வீட்டு மையச்சுப் பொறியில் அச்சிட்ட படத்துக்கும் இது ஆகாது.

லேசான வளைவு என்றால் இவ்வளவும் வேண்டாம். ஸ்கேனர் மூடியின் மேல் நடுத்தரமான ஒரு புத்தகம் போதும். அப்போதும் ஓரம் மங்கினால் உங்கள் ஸ்கேனரின் வகையைப் பாருங்கள். மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் உணரி இருக்கும். கண்ணாடியோடு ஒட்டியிருப்பது மட்டும் தெளிவாகும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். சிசிடி உணரி உள்ள பருத்த ஸ்கேனர் அந்த உயரத்தைப் பொறுத்துக்கொள்ளும். என் மேல்தட்டில் கிடப்பது எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.