டபுள் நேட்: கேம் சேராததும் கால் இழுப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கன்சோலில் "Double NAT Detected" என்று வருகிறது. படம் பார்ப்பது, டவுன்லோடு எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. நண்பர்களோடு பார்ட்டியில் மட்டும் ஏன் சேர முடியவில்லை?

பதில்: வீட்டுக் கருவிகளின் உள் முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றி அனுப்புவதுதான் நேட், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர் அப்படிச் செய்தால் டபுள் நேட். படம் பார்க்கும்போது முதலில் பேசுவது நீங்கள்தான். உள்ளேயிருந்து போன ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பி வருவதைச் சரியான கருவிக்கு அனுப்பிவிடும், இரண்டு ரவுட்டர் இருந்தாலும் இதில் சிக்கல் வராது. பார்ட்டி என்றால் நண்பரின் கன்சோல் வெளியிலிருந்து உங்களைத் தேடி வர வேண்டும். அதற்காக உங்கள் எக்ஸ்பாக்ஸ், யூபிஎன்பி வழியாக 3074 போர்ட்டைத் திறக்கச் சொல்லும், ஆனால் சொல்வது பக்கத்தில் இருக்கும் ரவுட்டரிடம் மட்டும். அதுவும் திறந்துவிடும். அதற்கும் வெளியே இருக்கிற நெட் கம்பெனியின் பெட்டிக்கு விஷயமே தெரியாது, நண்பரின் பாக்கெட்டை அங்கேயே தள்ளிவிடும். உள் வாசலைத் திறந்துவிட்டு வெளிக் கேட்டைப் பூட்டி வைத்த கதை.

கேள்வி: இரண்டு ரவுட்டர் என்றால் பிங் இரட்டிப்பாகும், அதனால்தான் வீடியோ காலில் குரல் லேட்டாக வருகிறது. சரிதானே?

பதில்: பாதி சரி. தாமதம் உண்மை, காரணம் அது இல்லை, இன்னொரு ரவுட்டரைக் கடக்க ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு மில்லி செகண்டு கூட வராது. இருவர் மட்டும் பேசும் காலில் ஆப் முதலில் நேரடி வழி தேடும்: நான் வெளியே எந்த ஐபி, எந்த போர்ட்டாகத் தெரிகிறேன் என்று ஒரு சர்வரிடம் கேட்டு அதை எதிர்முனைக்குச் சொல்லும். இரண்டு அடுக்கில் ஏதாவது ஒன்று, சேருமிடம் மாறும்போதெல்லாம் போர்ட்டையும் மாற்றும் ரகமாக இருந்தால் அந்தத் தகவல் பயன்படாது. அப்போது கால் முழுவதும் நடுவில் ஒரு ரிலே சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், அது தூரத்தில் இருந்தால் குரல் பின்தங்கும். பத்துப் பேர் மீட்டிங் என்றால் எப்படியும் சர்வர் வழிதான், அங்கே டபுள் நேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: என் வீட்டில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் WAN IP, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். போன வாரம் ஒருவர் அனுப்பிய படத்தில் அவர் லேப்டாப்புக்கு 192.168.0.105, ரவுட்டரின் WAN IP 192.168.1.34. 192.168 என்பது வீட்டுக்குள் புழங்கும் முகவரி, அது WAN பக்கம் இருக்கிறது என்றாலே வெளியே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸில் இதையும் ஓட்டச் சொன்னேன்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரி 192.168.0.1, இரண்டாவது 192.168.1.1. அவ்வளவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது வரியில் 10-இல் தொடங்கும் எண் வந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள், சில கம்பெனிகள் தங்கள் உள் நெட்வொர்க்கில் அப்படி வைத்திருப்பார்கள். WAN IP சொல்வதே கடைசித் தீர்ப்பு.

கேள்வி: எனக்கு WAN IP 100.72-இல் தொடங்குகிறது. வெளியே ஐபி பார்க்கும் தளத்தில் வேறு எண் காட்டுகிறது.

பதில்: 100.64 முதல் 100.127 வரை கம்பெனிக்காரர்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தர ஒதுக்கியது. இரண்டாவது நேட் அவர்கள் பக்கம் இருக்கிறது, வீட்டில் எதை மாற்றினாலும் போகாது. பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஐபிவி6 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாடியில் வைஃபை வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டினேன். இது டபுள் நேட்டா, சிக்னல் பிரச்சினையா சார்?

பதில்: சிக்னலுக்காக மாட்டியதே டபுள் நேட் ஆகியிருக்கலாம். உங்களுக்கு வைஃபை மட்டும்தானே வேண்டும்? அதன் செட்டிங்கில் Access Point மோடு இருந்தால் அதைப் போடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, ஐபியைப் பழைய ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை WAN-இல் செருகாமல் LAN போர்ட்டில் செருகுங்கள்.

புது ரவுட்டர்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் கம்பெனிப் பெட்டியை Bridge மோடுக்கு மாற்ற வேண்டும், அப்போது அது நேட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும். மாற்றும் முன் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விஎல்ஏஎன் எண் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பலர் மாற்றிய பிறகுதான் இது கையில் இல்லை என்று முழிப்பார்கள். பெட்டியின் வைஃபையும் பெரும்பாலும் அணைந்துவிடும். Bridge மோடு பூட்டியிருந்தால், பெட்டியில் உங்கள் ரவுட்டரின் ஐபியை DMZ-இல் போடுங்கள், அந்த ஐபி மாறாதபடி முதலில் நிலைப்படுத்திவிட்டு. நேட் இரண்டாகவே இருக்கும், ஆனால் வெளியிலிருந்து வருவது உங்கள் ரவுட்டர் வரை வந்துவிடும்.

கேள்வி: Bridge போட்டாகிவிட்டது. பொது ஐபியும் வருகிறது. இன்னும் ஒரு கன்சோலில் மட்டும் நேட் டைப் Strict என்கிறது.

பதில்: வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸா? இரண்டும் 3074-ஐக் கேட்டு அடித்துக்கொண்டிருக்கலாம். ஒன்றில் நெட்வொர்க் செட்டிங்கில் Alternate port selection போய் வேறு போர்ட் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், ரவுட்டரின் யூபிஎன்பி பட்டியலில் அந்தக் கன்சோலின் ஐபி வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அது தெரியாமல் மேற்கொண்டு என்னால் எதுவும் சொல்ல முடியாது.